பெயர் சொல்லாத அறிமுகம்

"வணக்கம். நான் உங்க தங்கச்சி பேசறேன்."

முப்பத்தோரு வருடமாக என்னைத் தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் அவள் இப்படித்தான் தொடங்குவாள். குரலைக் கேட்டாலே தெரியும். பிற்பாடு திரையில் படமே வர ஆரம்பித்தது. அப்போதும் விடவில்லை.

"தெரியுது, சொல்லு."

"தெரிஞ்சாலும் முதல்ல பேரைச் சொல்லணும் இல்லையா? சரி, குடிநீர் குழாய்னு எழுதினா நடுவுல ஒற்று வருமா?"

"வரும். க் போடு. குடிநீர்க் குழாய்."

"அச்சடிச்சு ஒட்டியாச்சுண்ணா."

"பேனாவால நுழைச்சு விடு."

"பிழை திருத்தறவன் அண்ணனா வாய்ச்சா ஒரு நோட்டீஸ்கூட நிம்மதியா ஒட்ட முடியாது. வை, டாக்டர் வர்றார்."

ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டுக்கு அவள் தலைமைச் செவிலியர். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். கடைசியாக அன்று காலை பதினோரு மணிக்கு இப்படிப் பேசினோம். மாலை நான்கரைக்கு, வேலை முடிந்து சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோனாள். அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. "முதல்ல பேரைச் சொல்லணும்" என்று அவள் ஏன் ஆயுள் முழுக்க என்னைக் குத்திக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் எழுத முடியும். தப்பு என்னுடையது.

அவள் பதினொன்றாம் வகுப்பு, நான் பன்னிரண்டு. ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒரே வளாகத்தில் இருந்த பள்ளி. ஆண்டுக்கு ஒருமுறை மாணவர் தலைவர் தேர்தல். எங்கள் தமிழய்யாதான் தேர்தல் அதிகாரி. நாட்டுத் தேர்தலைவிடக் கறாராக நடத்துவார். மனுவில் முன்மொழிபவர் ஒரு வகுப்பு, வழிமொழிபவர் வேறு வகுப்பு. வருகைப் பதிவைப் பார்த்து வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். சுவரொட்டி கிடையாது, துண்டுச் சீட்டு கிடையாது, மிட்டாய் கொடுத்தால் மனு தள்ளுபடி. பிரச்சாரம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில், முழுப் பள்ளியின் முன்னால், வேட்பாளர் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடத்துக்கும் விதிகள் உண்டு. உரையை வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு படி எழுதிக் கொடுக்க வேண்டும். அய்யா படித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு ஒரு படியைத் திருப்பித் தருவார். மற்ற வேட்பாளரைப் பற்றி ஒரு சொல் கூடாது. எழுதிக் கொடுக்காத வாக்குறுதி எதையும் மேடையில் கொடுக்கக் கூடாது. ஒன்றே முக்கால் நிமிடத்தில் மணி ஒரு தட்டு. இரண்டு நிமிடத்தில் இரண்டு தட்டு, அத்தோடு மைக் அணைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, "செய்வேன்" என்ற சொல் தடை.

"மாணவர் மன்றத்தால எதையும் செய்ய முடியாது. தலைமையாசிரியர்கிட்ட கேக்கத்தான் முடியும். அதனால 'கேட்பேன்'னு மட்டும் எழுது. பொய் சொல்லிப் பதவிக்கு வர்றதை இங்கயே பழக வேண்டாம்" என்பார் அய்யா.

என் தங்கை தேர்தலில் நின்றதற்குக் காரணம் அவள் பாவாடையின் ஒரு பக்கம். பிற்பகல் இடைவேளையில் நனைந்து, தினமும் இடுப்பில் ஒரு பக்கம் ஈரத்தோடு வீட்டுக்கு வருவாள். அம்மா துணி தேய்க்கும் தொழில் செய்தவர், ஈரத்தைப் பொறுக்கமாட்டார்.

"என்னடி இது, தினம் ஒரு பக்கம் மட்டும் குளிச்சுட்டு வர்றே?"

"ஒண்ணாங்கிளாஸ் பொடிசுங்களுக்குக் குழாய் எட்டலைம்மா. தூக்கிப் பிடிச்சாத்தான் குடிக்குதுங்க. குடிச்சுட்டு என் மேலயே வாயைத் துடைக்குதுங்க."

"வேற ஆள் இல்லையா தூக்க?"

"இருக்காங்க. எல்லாரும் ஒவ்வொண்ணைத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கறாங்க. வரிசை நகரவே மாட்டேங்குது. தலைவரா வந்தா ஒரு குட்டைக் குழாய் கேக்கலாம்னு இருக்கேன்."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அதற்குத்தான் அத்தனை ஆசையும். அந்த வருடம் பள்ளியிலேயே அதிகம் புத்தகம் படித்தவன் என்ற பெயர் எனக்கு இருந்ததால், உரை எழுதும் வேலை என்னிடம் வந்தது. வந்தது என்ன, நானே பிடுங்கிக்கொண்டேன்.

மூன்று நாள் எழுதினேன். "அறிவுச் சுடர் ஏந்திய அவையினரே" என்று தொடங்கியது. "வேட்பாளராக உங்கள் முன் நிற்கும் நான்" என்று ஒரு பத்தி. குழாயை எழுதவில்லை. உரைக்குக் குழாய் அழகாக இருக்காது என்று, "குடிநீர் உள்ளிட்ட அடிப்படை வசதிகள் மேம்படக் கேட்பேன்" என்று எழுதினேன். அவள் பெயரையும் சின்னத்தையும் கடைசி வரியில் வைத்தேன்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் ஒத்திகை. அம்மா தேய்ப்புப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"யாருக்குடா இது? கலெக்டருக்கா?"

"பன்னெண்டாங்கிளாஸும் கேக்கும்மா. அவங்களுக்குத் தரமா இருக்க வேணாமா?"

"ஒண்ணாங்கிளாஸும் கேக்குமே. அதுங்க 'அவையினரே'ன்னா அவரைக்காய்னு நினைச்சுக்கும்."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு காகிதத்தைத் திருப்பிப் பார்த்துக் கேட்டாள். "ண்ணா, பேரை முதல்லயே சொல்லிடறேனே? அறிமுகம்தானே இது?"

"முதல்ல சொன்னா மறந்துடுவாங்க. ரெண்டு நிமிஷம் யாரு யாருன்னு நினைக்க வெச்சு, கடைசியில போட்டு உடைக்கணும். கைதட்டல் அங்கதான் விழும்."

"உடைஞ்சுட்டா?"

"எது?"

"ஒண்ணுமில்ல. உன் பேச்சு, நீ சொன்னாச் சரி."

அவள் அப்படிச் சொன்ன தொனி இன்னும் என் காதில் இருக்கிறது. கேலியும் இல்லை, கோபமும் இல்லை. அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினானே என்ற ஈரம்தான்.

திங்கட்கிழமை. முன்னால் தரையில் ஒன்றாம் வகுப்பு, சம்மணமிட்டு. அவர்களுக்குப் பின்னால் வகுப்பு வாரியாக. கடைசியில் பதினொன்றும் பன்னிரண்டும் சுவரோரம் நின்றோம். மேடைக்கும் எங்களுக்கும் நடுவில் அறுநூறு தலைகள். பேசுகிறவரின் முகபாவம் எங்களுக்குத் தெரியாது, குரல் மட்டும் வரும். முன்வரிசைக்கு முகம் தெரியும், சொல் புரியாது. அந்த மேடையின் சங்கடம் அதுதான். சின்னதுகளுக்காகப் பேசினால் பெரியவர்கள் கொட்டாவி விடுவார்கள். பெரியவர்களுக்காகப் பேசினால் சின்னதுகள் பக்கத்துப் பிள்ளையின் காலணி நாடாவை அவிழ்க்கும்.

பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். மூன்று பேரில் அவளுக்கு மூன்றாவது இடம். அறிவிப்பவர் பெயர் சொல்லமாட்டார், "முதல் வேட்பாளர்", "இரண்டாம் வேட்பாளர்" என்றுதான். பெயரைச் சொல்வது வேட்பாளரின் வேலை. முதலில் பேசிய பெண் மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு முப்பது விநாடியை மிச்சம் வைத்துப் போனாள். இரண்டாவது, கைப்பந்து அணித் தலைவன். நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். ஆறடி. "என் பெயர் உங்களுக்கெல்லாம் தெரியும்" என்று தொடங்கி, தெரிந்த பெயரையே மூன்று முறை சொன்னான். பெரிய வகுப்புகள் விசிலடித்தன. சின்னம் பந்து என்றதும் சின்ன வகுப்புகளும் கத்தின. நான் அப்போதும் கவலைப்படவில்லை. என் கடைசி வரி இருக்கிறதே!

"மூன்றாம் வேட்பாளர்."

நெட்டையின் உயரத்துக்கு நின்றது மைக். அதைக் கீழே இறக்கும் திருகு துருப்பிடித்து நகரவில்லை. அவள் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து எங்கள் வரிசையில் ஒருவன், "ஏணி போடுங்கப்பா" என்றான். அவள் மைக்கைத் தாங்கியிலிருந்து உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். நல்லவேளை, அய்யாவின் கடிகாரம் முதல் சொல்லிலிருந்துதான் ஓடும்.

"அறிவுச் சுடர் ஏந்திய அவையினரே! வேட்பாளராக உங்கள் முன் நிற்கும் நான்..."

முதல் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். ஆறு வயது இருக்கும்.

"அக்கா, துப்பாக்கி எங்க?"

மைக் அதையும் பிடித்துக் கடைசி வரிசை வரை கொண்டுவந்தது. யாருக்கும் புரியவில்லை.

"என்ன துப்பாக்கி?" என்றாள் தங்கை.

"நீங்க வேட்டைக்காரங்கதானே? சொன்னீங்களே!"

அறுநூறு பேரும் சிரித்தார்கள். சுவரோரம் நின்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் அடித்துச் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் மூன்று நாள் உழைப்பு மேடையில் சரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படி, அடுத்த வரியைப் படி என்று மனதுக்குள் கத்தினேன்.

அவள் காகிதத்தை மடித்தாள்.

"நான் வேட்டைக்காரி இல்லப்பா, வேட்பாளர். அப்படின்னா, வேணும்னு கேக்க வந்த ஆளு. உட்காரு, என்ன கேக்க வந்தேன்னு சொல்றேன். ஒண்ணாங்கிளாஸ் எல்லாரும் எழுந்திருங்க. எழுந்து, கையை மேல தூக்குங்க. இன்னும் மேல! எக்கி நில்லுங்க!"

ஐம்பது அறுபது சின்னக் கைகள் எழுந்தன. நாங்கள் பின்னாலிருந்து பார்த்தோம். முன்வரிசையை நாங்கள் அதுவரை பார்த்ததே இல்லை, அவர்கள் எப்போதும் தலைகளுக்குக் கீழே இருந்தார்கள். இப்போது கைகள் மட்டும் தெரிந்தன.

"பின்னாடி நிக்கற அண்ணன்களே, அக்காக்களே, அந்தக் கை எவ்வளவு உயரம் போகுதுன்னு பாத்துக்கோங்க. நம்ம தண்ணிக் குழாய் அதுக்கும் ஒரு சாண் மேல இருக்கு. சரி, கையை இறக்குங்க. உங்களுக்கு எட்டுதே, உங்களுக்கு என்னன்னு கேப்பீங்க. இடைவேளை பதினஞ்சு நிமிஷம். நேத்து வெள்ளிக்கிழமை..."

"நேத்து ஞாயித்துக்கிழமை!" என்று யாரோ கத்தினார்கள்.

"போன வெள்ளிக்கிழமை. மணி அடிக்கறப்ப வரிசைல எத்தனை பேர் குடிக்காம நின்னோம்னு எண்ணினேன். நாப்பத்திரெண்டு. அதுல முப்பது பேர் பெரிய கிளாஸ். ஏன்னா, முன்னாடி நிக்கற ஒவ்வொருத்தரும் ஒரு பொடியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதுங்களுக்கு எட்டாததாலதான் உங்களுக்குத் தண்ணி இல்ல. சின்னதா, கீழ ஒரு குழாய் இருந்தா ரெண்டு வரிசையாயிடும். என் பாவாடையும் நனையாது."

சிரிப்பு வந்தது. இந்த முறை வேறு சிரிப்பு. என் பக்கத்தில் நின்றவன், "ஆமாடா, நானும் போன வாரம் தூக்கினேன், சட்டையெல்லாம் சளி" என்றான்.

ஒரு தட்டு. பதினைந்து விநாடி மிச்சம்.

"குழாய் போடுவேன்னு சொல்லமாட்டேன். அய்யா அடிப்பார். கேப்பேன். முடியாதுன்னா அடுத்த வாரமும் கேப்பேன். நான் கேக்கறப்ப உங்க எல்லார் சார்பாவும் கேக்கறேன்னு ஒரு சீட்டு வேணும், அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன். என் பே..."

இரண்டு தட்டு. மைக் அணைந்தது.

அவள் மைக்கை வாயிலிருந்து எடுக்காமல் நின்றதைப் பார்த்தேன். குரல் எங்களுக்கு வரவில்லை. முன்வரிசைக்கும் வந்திருக்காது. முழுப் பள்ளியும் கைதட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் எனக்கு உறைத்தது. அவள் யாரென்று இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சின்னம் குடை என்பதும் தெரியாது. தன்னை அறிமுகம் செய்துகொள்ளப் போனவள் தன்னைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

நெட்டையின் ஆள் ஒருவன், எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லை என்று புகார் கொடுத்தான். அய்யா கையெழுத்திட்ட படியை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"'குடிநீர் உள்ளிட்ட அடிப்படை வசதிகள்.' குழாய் இதுக்குள்ள அடங்கும். வாக்குறுதி புதுசு இல்ல, சொன்ன விதம்தான் புதுசு. அதுக்குத் தடை எங்கயும் போடலை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த 'அறிவுச் சுடர்' யார் ஏத்தினது?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்று பிற்பகல் வாக்குப்பதிவு. ஒவ்வொரு சீட்டிலும் மூன்று பெயர், பெயருக்கு எதிரே படம். பென்சில், பந்து, குடை. படத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும், வேறு எந்த அடையாளம் இருந்தாலும் செல்லாது. நூலகத்தில் எண்ணினார்கள். வேட்பாளருக்கு ஒருவர் உடன் இருக்கலாம் என்பதால் நான் இருந்தேன். அய்யா ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்டி மேசையில் அடுக்கினார். பந்தும் குடையும் மாறி மாறி ஏறின. பெரிய வகுப்புகளில் குடை முந்தியது. சின்ன வகுப்புப் பெட்டியைத் திறந்ததும் அய்யா நின்றார். ஒரு சீட்டை அருகில் பிடித்துப் பார்த்தார். எனக்குக் காட்டினார்.

மூன்று படத்திலும் எந்தக் குறியும் இல்லை. கீழே காலி இடத்தில் பென்சிலால் வளைவாக ஒரு கோடு, அதன் நுனியில் மூன்று சொட்டு.

"என்னய்யா இது?"

"குழாய்" என்றார் அய்யா.

அடுத்ததும் குழாய். ஒன்றில் குழாயின் கீழே ஒரு குட்டி மனிதன் வாயைத் திறந்துகொண்டு நின்றான். பெயர் தெரியாத அக்காவைச் சீட்டில் தேடியிருக்கிறார்கள். குழாய் இல்லாததால் தாங்களே வரைந்து போட்டிருக்கிறார்கள். அப்படி முப்பத்தொரு சீட்டுகள்.

"எல்லாம் அவளுக்குத்தானய்யா? தெரியுதே!"

"தெரியுது. உனக்குத் தெரியுது, எனக்கும் தெரியுது. விதிக்குத் தெரியலையே" என்றார். அந்தச் சீட்டுகளைத் தனியே வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார். பிறகு எழுதினார். பந்து இருநூற்று நாற்பத்தொன்று. குடை இருநூற்று இருபத்தேழு. பென்சில் நூற்றிருபது. செல்லாதவை நாற்பத்து மூன்று.

பதினான்கு வாக்கில் தோற்றாள். பெயர் முதல் வரியில் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாள்.

அவள் வராந்தாவில் காத்திருந்தாள். ஒருவழியாகச் சொன்னேன். பதினான்கைச் சொன்னேன், முப்பத்தொன்றைச் சொன்னேன். பெயர் விஷயத்தைச் சொல்ல வரும்போது அழுதுவிட்டேன். அவள் கண்ணும் நிறைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மைதானத்தைப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "குட்டி மனுஷன்கூட வரைஞ்சிருந்தானா?" என்றாள்.

"வாயைத் திறந்துகிட்டு."

"சொட்டு எத்தனை?"

"மூணு."

"சரி, அழாதே. தோத்தது நீதான், நான் இல்ல. பேரு போயிடுச்சேன்னு எதுக்குப் பதறறே? வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட எப்படிச் சொல்லப்போறேன்னு யோசி."

அம்மா கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பெத்து நான் வெச்ச பேருடா அது. கடைசியில வைக்கவா வெச்சேன்?"

இரண்டாவது வந்தவர் துணைத் தலைவர் என்பது பள்ளி விதி. முதல் மன்றக் கூட்டத்திலேயே நெட்டை, "குழாயை முதல்ல எழுதிக்க. என் ஓட்டுல பாதி உன் பேரு தெரியாததால எனக்கு விழுந்தது" என்றானாம். நல்லவன். இருவரும் தலைமையாசிரியரிடம் கேட்டார்கள். முடியாது என்றார். அடுத்த வாரமும் கேட்டார்கள். நாலாவது மாதம் குழாய்க்காரர் வந்து, "எந்த உயரத்துல வைக்கணும்?" என்றார். அவள் அளவுகோல் தேடவில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே குள்ளமானவனை இடுப்பில் தூக்கிவந்து இறக்கி, "இவன் வாய்க்கு" என்றாள். துப்பாக்கி கேட்டவன்தான்.

அன்றிலிருந்து சின்ன வகுப்புகளுக்கு அவள் "குழாயக்கா". எனக்கு "நான் உங்க தங்கச்சி பேசறேன்."

அவள் இறந்த மூன்றாம் நாள், வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். முப்பத்தேழு வயது மதிக்கலாம். கையில் மடித்த செய்தித்தாள்.

"குழாயக்கா வீடு இதுங்களா?"

கதவை முழுக்கத் திறந்தேன். உள்ளே வரச் சொன்னேன்.

"பேப்பர்ல படத்தைப் பாத்தேன். பேரு யாரோட பேரோன்னு இருந்துச்சு. ஆனா முகம் அவங்கதான். நான் முதல் வரிசைல உக்காந்தவன் சார், முகம் மறக்காது." தயங்கிவிட்டு, "நான் அவங்ககிட்ட ஒருதடவை துப்பாக்கி கேட்டேன்" என்றார்.

"நீங்களா?"

"நானேதான். அவங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன் சார். படம்கூட வரைஞ்சேன்."

"குட்டி மனுஷன் உண்டா அதுல?"

"அது என் பக்கத்துல இருந்தவன். நான் சொட்டு மட்டும் போட்டேன். அவங்க ஜெயிச்சாங்கதானே?"

அந்த ஓட்டு செல்லவில்லை என்பது அவருக்கு இத்தனை வருடமும் தெரியவில்லை.

"குழாய் வந்துச்சே" என்றேன்.

"அதானே" என்று தலையாட்டினார். பிறகு செய்தித்தாளைப் பிரித்து, படத்துக்குக் கீழே இருந்த பெயரைக் காட்டி, "இதுதான் அவங்க பேருங்களா சார்?" என்றார்.

ஆமாம் என்று சொல்லி, அந்தப் பெயரை ஒருமுறை அவருக்கு உரக்கச் சொன்னேன். அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவர் மகன் இப்போது அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பாம். எழுந்து விடைபெறும்போது சொன்னார். கட்டடத்தை மாற்றிவிட்டார்கள், மேடையை இடித்துவிட்டார்கள். அந்தக் குட்டைக் குழாய் அங்கேயேதான் இருக்கிறது, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்.